மூக்கடைத்த குழந்தையும் இரவுத் தூக்கமும்

கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் வீட்டில் எல்லோர் காதிலும் விழுவது கொர்கொர் சத்தம். தாய்க்கு மட்டும் இன்னொன்றும் தெரியும். மார்பில் வாய் வைத்த குழந்தை நாலு மிடறு குடித்துவிட்டுத் தலையைப் பின்னுக்கு இழுக்கும், முகம் சிவந்து அழும், மறுபடி வாய் வைக்கும், மறுபடி விட்டுவிடும். மூக்கைச் சுத்தம் செய்யலாமா, எப்போது செய்யலாம் என்பதைச் சத்தத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. பால் குடிப்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சளியே இல்லாத பச்சிளங்குழந்தைக்குக்கூட முதல் சில வாரங்களில் மூக்கில் சத்தம் வரும். அது நன்றாகக் குடித்து, நன்றாகத் தூங்கி, எடையும் கூடி வந்தால் அந்த மூக்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகிறது. வாய்க்குள் நாக்கு இடத்தை நிறைத்துக்கொண்டிருக்கிறது; குரல்வளையும் நம்முடையதைவிட உயரத்தில் இருக்கிறது. பாலைச் சப்பிக்கொண்டே மூச்சு விட அந்த அமைப்புதான் அதற்கு உதவுகிறது. மூக்கு அடைத்துவிட்டால் அந்த வசதி போய்விடும். ஒன்று குடிக்க வேண்டும், இல்லை மூச்சு விட வேண்டும். அழும்போது வாயால் மூச்சு போய்விடுவதால், அழுகையின்போது அடைப்பு குறைந்தது போலத் தோன்றும்.

அடைப்புக்குள் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று சளி; மற்றொன்று மூக்கின் உட்சவ்வில் வரும் வீக்கம். சளியை வெளியே எடுக்கலாம், வீக்கத்தை எடுக்க முடியாது. உறிஞ்சிக் குழாயைப் போட்டு அடிக்கடி இழுத்தால் சவ்வு புண்ணாகி வீக்கம் கூடும், அடைப்பும் கூடும். 'எவ்வளவு இழுத்தாலும் அடைப்பு போகவில்லை' என்று சொல்லும் வீடுகளில், பல நேரம் அதிகமாக இழுத்ததே அடைப்புக்குக் காரணமாகிவிடுகிறது.

உப்புநீர்ச் சொட்டு

மருந்துக்கடையில் 'குழந்தைக்கு மூக்குச் சொட்டு மருந்து' என்று மட்டும் கேட்டு வாங்கி வராதீர்கள். ஏறக்குறைய ஒரே அளவுப் புட்டியில் இரண்டு வகை விற்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது சலைன் என்ற உப்புநீர். புட்டியில் சோடியம் குளோரைடு என்று இருக்கும், அளவு 0.65 சதவீதம் அல்லது 0.9 சதவீதம் என்று போட்டிருக்கும். வேறு மருந்துப் பெயர் எதுவும் இருக்காது. மற்ற வகையில் ஆக்ஸிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் என்று எழுதியிருக்கும். ரத்தக்குழாய்களைச் சுருக்கி அடைப்பைத் திறக்கும் மருந்து அது. சின்னக் குழந்தைக்கு அளவு கூடினால் அசாதாரணத் தூக்கம், இதயத் துடிப்பு குறைதல், மூச்சு மந்தமாதல் வரை போகும். குழந்தை மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அதை விடக்கூடாது. பெரியவர்களுக்கு வாங்கிய புட்டியிலிருந்து 'ஒரே ஒரு சொட்டு' என்று விடுவது அதைவிட மோசம்.

நடுராத்திரியில் கடை இல்லையென்றால் வீட்டிலேயே தயாரிக்கலாம். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு ஆற வையுங்கள். அதில் 240 மில்லி எடுத்து, அளவுக்கரண்டியில் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி தூள் உப்பைக் கரையுங்கள். கல் உப்பை இந்த அளவில் எடுத்தால் கணக்குத் தவறும். உப்பு கூடினால் எரியும். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே கொட்டிவிட வேண்டும். விடிந்ததும் கடைப் புட்டியை வாங்கிவிடுவதுதான் நல்லது. அளவும் சுத்தமும் அதில் சரியாக இருக்கும், விலையும் அதிகமில்லை. திறந்த தேதியைப் புட்டியின் மேலேயே எழுதி வையுங்கள். ஒரு குழந்தையின் புட்டியை இன்னொரு குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

சொட்டு விடும் நேரம் பாலுக்கு முன்னால், ஏறக்குறைய 10, 15 நிமிடம் முன்னால். குடித்த பிறகு மூக்கைக் கிளறினால் குடித்ததெல்லாம் வாந்தியாக வரும். புட்டியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பிடித்துக் குளிர்ச்சியைப் போக்குங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, தோளுக்குக் கீழே ஒரு மெல்லிய துண்டை மடித்து வைத்தால் தலை சற்றுப் பின்னால் சாயும். ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு போதும். புட்டியின் முனை மூக்கில் படக்கூடாது. பிறகு துண்டை எடுத்துவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். காய்ந்து ஒட்டிய சளி இளகுவதற்கு அந்த நேரம் வேண்டும். அவசரப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். பல தடவை குழந்தை தும்மியே வெளியே தள்ளிவிடும். விளிம்பில் வந்ததை ஈரப் பருத்தித் துணியால் துடைத்தால் வேலை முடிந்தது.

ரப்பர் பல்ப்

தும்மலில் வராமல் சளி கண்ணுக்குத் தெரியும்படி நின்றால் மட்டும் ரப்பர் பல்பை எடுங்கள். கடையில் நேசல் ஆஸ்பிரேட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். பல்பை மூக்குக்கு வெளியே வைத்து அமுக்கிக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் முனையைத் துளையின் வாயில் வைக்க வேண்டும். உள்ளே வைத்து அமுக்கினால் காற்று சளியை இன்னும் பின்னால் தள்ளிவிடும். முனை வாசலில் இருந்தால் போதும், ஆழத்துக்குப் போக வேண்டாம். பிடியை மெல்லத் தளர்த்துங்கள், இழுத்துக்கொள்ளும். வெளியே எடுத்து ஒரு துணியில் பீய்ச்சிவிட்டு அடுத்த துளைக்குப் போங்கள். ஒரு முனையைத் தாய் வாயில் வைத்து உறிஞ்சும் குழாய் வகையும் உண்டு. நடுவில் வடிகட்டி இருப்பது மட்டும் அதற்கு முக்கியம்.

ஒரு நாளில் மூன்று, நான்கு தடவைக்கு மேல் உறிஞ்ச வேண்டாம். மற்ற நேரத்தில் சொட்டு மட்டும் போதும். உறிஞ்சியும் ஒன்றும் வரவில்லை, அடைப்பு மட்டும் இருக்கிறது என்றால் அது வீக்கம், அங்கேயே நிறுத்துங்கள். சளியில் ரத்தக் கீற்று தெரிந்தாலும் அன்றைக்குப் பல்பை வைத்துவிடுங்கள். பயன்படுத்தியதும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரைப் பல்புக்குள் இழுத்துப் பலமுறை பீய்ச்சி, பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, முனை கீழே இருக்கும்படி காய வையுங்கள். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். பஞ்சு சுற்றிய குச்சியும் துணியைத் திரித்த திரியும் மூக்குக்குள் போகவே கூடாது.

எண்ணெய், கற்பூரம், புகை

நம் வீடுகளில் குளிப்பாட்டுகிறவர்கள் குழந்தையின் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, வாயால் ஊதிச் சளி எடுப்பதை நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள். அன்போடு செய்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை; ஆனால் இதை நிறுத்தியே ஆக வேண்டும். எண்ணெய் தொண்டையில் இறங்கும்போது இருமலைத் தூண்டுவதில்லை. அதனால் குழந்தை அதைத் தள்ளிவிடாமல் நுரையீரலுக்குள் இழுத்துக்கொள்கிறது. அங்கே போன எண்ணெய் கரைவதில்லை, ஒருவகை நிமோனியாவாகத் தங்கிவிடுகிறது. ஆன்டிபயாட்டிக் கொடுத்து அந்த எண்ணெயை அகற்ற முடியாது. ஊதுவதால் ஊதுகிறவரின் கிருமியும் கூடவே போகிறது.

கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதும் இதே அளவு ஆபத்து. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும். சின்னக் குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும். நெஞ்சில் தடவும் கற்பூரக் களிம்புகளை இரண்டு வயதுக்குள் பயன்படுத்தக்கூடாது என்று அந்த டப்பாக்களிலேயே அச்சிட்டிருக்கும். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திச் சுருள், சிகரெட் மூன்றும் ஏற்கெனவே வீங்கிய சவ்வை இன்னும் எரிச்சலூட்டும். கொசுவுக்கு வலை கட்டுங்கள். ஆவி பிடிப்பது கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது. கொதிநீர் கொட்டி வெந்துபோவதுதான் அதில் நடக்கும் விபத்து. தேனும் ஒரு வயதுக்குள் கூடாது.

சளி, இருமல் சிரப்புகளும் இந்த வயதுக்கு இல்லை. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சிரப்பை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று புட்டியிலேயே எச்சரிக்கை அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் நச்சு கலந்த இருமல் சிரப்பைக் குடித்துக் குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அக்காவின் குழந்தைக்கு எழுதிக் கொடுத்த மீதிச் சிரப்பை எடுத்து ஊற்றும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே அந்தப் புட்டியை அப்புறப்படுத்துங்கள்.

படுக்கை

சளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழந்தை மல்லாக்கத்தான் தூங்க வேண்டும். 'மல்லாக்கப் போட்டால் சளி தொண்டையில் சிக்கிக்கொள்ளாதா?' என்று கேட்காத பாட்டி இல்லை. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. தொண்டைக்கு வரும் சளியோ பாலோ கீழே இருக்கும் உணவுக்குழாய்ப் பக்கம்தான் தேங்கும். குழந்தை அதை விழுங்கிவிடும். குப்புறப் போட்டால் இந்த அமைப்பு தலைகீழாகிவிடும். விழுங்கிய சளியால் கெடுதல் இல்லை. வாந்தியிலோ மலத்திலோ போய்விடும்.

தலையை உயர்த்தி வைத்தால் மூக்கு திறக்கும் என்று தலையணை வைப்பதும், மெத்தைக்கு அடியில் துணி மடித்துச் சரிவாக்குவதும் தவறு. கைக்குழந்தையின் தலை கனமானது, கழுத்தில் பலமில்லை. சரிவில் படுத்தால் மெல்ல நழுவி, தாடை நெஞ்சில் முட்டிவிடும். மூச்சுக்குழாய் மடங்கி அடைபடும். மூக்கும் அடைத்திருக்கும் நேரத்தில் குழந்தைக்கு மூச்சுக்கு வேறு வழியே இருக்காது. 10 டிகிரிக்கு மேல் சரிவான குழந்தைப் படுக்கைகளை விற்கவே கூடாது என்று அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டது, அப்படிப்பட்ட படுக்கைகளில் குழந்தைகள் இறந்த பிறகுதான்.

சேலைத் தூளிக்கும் இது பொருந்தும். தூளியில் முதுகு வளைந்து தாடை நெஞ்சோடு சேர்கிறது. இரண்டு பக்கத் துணியும் முகத்தின் மேல் மூடிக்கொள்கிறது. ஆடிய சுகத்தில் குழந்தை தூங்கிவிடும் என்பது உண்மை. மூக்கு அடைத்திருக்கும் நாட்களில் தூளியை அவிழ்த்து வைத்துவிடுங்கள். தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைத்துச் சமதளத்தில் படுக்க வையுங்கள். அழுத்தினால் பள்ளம் விழாத மெத்தை அல்லது பாயின் மேல் ஒரு விரிப்பு போதும். முகத்தருகே தலையணையோ போர்வையோ பொம்மையோ இருக்கக்கூடாது. பெரியவர்கள் படுக்கும் அதே அறையில், கை எட்டும் தூரத்தில், ஆனால் தனி விரிப்பில் படுக்க வையுங்கள்.

பால் குடித்த பிறகு 15, 20 நிமிடம் நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொள்வது அடைப்புக்கு நல்ல ஆறுதல். பிடித்திருப்பவர் விழித்திருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. சோபாவிலோ நாற்காலியிலோ குழந்தையை மேலே போட்டபடி கண்ணயர்ந்துவிட்டால் அது பாயில் படுப்பதைவிடப் பல மடங்கு ஆபத்து. ஸ்வெட்டர், குல்லா, கம்பளி என்று மூடி வைப்பதும் சளியைக் குறைக்காது. உடம்பு சூடேறுவதும் தூக்கத்தில் ஆபத்துதான். நீங்கள் எத்தனை துணி உடுத்தியிருக்கிறீர்களோ அதற்கு மேல் ஒரு மெல்லிய துணி போதும். மின்விசிறி ஓடலாம். சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருக்கிறது, ஈரப்பதக் கருவிக்குச் செலவழிக்க வேண்டாம்.

ஒரு வீட்டில் ஓர் இரவு

நான்கு மாதப் பெண்குழந்தை என்று வைத்துக்கொள்வோம். சளி பிடித்து மூன்றாம் நாள். வழக்கமாகப் பதினைந்து நிமிடம் குடிக்கிறவள், மாலையிலிருந்து இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டு அழுகிறாள். காய்ச்சல் இல்லை. பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறார்.

"ரெண்டு சொட்டு விட்டு ஊதிட்டா நல்லாத் தூங்குவா."

"அத்தை, எண்ணெய் நெஞ்சுக்குள்ள போயிடும்னு டாக்டர் சொன்னாங்க. உப்புத் தண்ணி சொட்டு இருக்கு, நான் விடுறேன். நீங்க தலையை மட்டும் பிடிச்சுக்கோங்க."

பாட்டியின் கைக்கு ஒரு வேலை கொடுத்ததால் சச்சரவு இல்லாமல் போயிற்று. முதலில் தாய் செய்தது மூச்சை எண்ணியது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை மேலே தூக்கி வயிற்றைப் பார்க்க வேண்டும். ஏறி இறங்கினால் ஒன்று. கைபேசியில் நேரம் வைத்து முழு 60 விநாடியும் எண்ண வேண்டும்; குழந்தைகளின் மூச்சு சில விநாடி வேகமாகவும் சில விநாடி மெதுவாகவும் போகும் என்பதால் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகும். 44 வந்தது. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50க்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60க்குக் கீழே. விலாவுக்குக் கீழே குழி விழவில்லை, மூக்கின் ஓரங்கள் விரியவில்லை. ஆகவே இது மூக்கோடு நிற்கும் சளி, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எட்டு மணிக்கு ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு. தும்மினாள், கொஞ்சம் வந்தது. பல்பால் ஒவ்வொரு துளையிலும் ஒரு தடவை. அழுது அடங்கப் பத்து நிமிடம் தோளில் போட்டிருந்து, பிறகு சற்று நிமிர்த்திப் பிடித்துப் பால் கொடுத்தாள். ஆறு நிமிடம் குடித்தாள். வழக்கத்தைவிடக் குறைவுதான், அதனால் மூன்று மணிநேரம் காத்திராமல் இரண்டு மணிநேரத்துக்குள் மறுபடி கொடுத்தாள். சளிக் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி என்பதுதான் கணக்கு. நடுராத்திரியில் விழித்தபோது பல்பை எடுக்கவில்லை. சொட்டு மட்டும் விட்டாள். அதிகாலையில் மார்பிலேயே வாய் வைக்க மறுத்தபோது, பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் கொடுத்தாள். குழந்தையை உட்கார்த்திய நிலையில் பிடித்து, பாலாடை முனையைக் கீழுதட்டில் வைத்து, அவள் நக்கி விழுங்க விழுங்கச் சாய்த்தாள். தொண்டையில் ஊற்றவில்லை. அன்றிரவு ஈரத்துணி வழக்கம்போல் வந்தது. நீர் போதுமான அளவு உள்ளே போகிறது என்பதற்கு அதுவே சான்று.

காலையில் மறுபடி எண்ணினாள், 42. இதே எண் 56 ஆகியிருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலாவின் அடியில் குழி விழுந்திருந்தாலோ, எண்ணியதைச் சரிபார்க்க இன்னொரு தடவை எண்ணிவிட்டு நேரே மருத்துவமனைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். சிறுகுழந்தைகளுக்கு வைரஸ் சளி மூக்கிலிருந்து நுரையீரலின் சிறு குழாய்களுக்கு இறங்கினால், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் மோசமாகும். அதனால் முதல் நாள் நன்றாக இருந்தது என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. அந்த நாட்களில் காலை மாலை இரு வேளையும் எண்ணுங்கள்.

பிறந்ததிலிருந்தே மூக்கு அடைப்பாக இருந்து, சும்மா இருக்கும்போது நிறம் மாறி, அழுதால் மட்டும் சரியாகிற குழந்தைக்கு இருப்பது சளி அல்ல, மூக்கின் பின்வழி பிறவியிலேயே மூடியிருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே துளையில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே ஏதாவது சிக்கியிருக்கும். நீங்களே எடுக்கப் பார்க்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், சளிதானே என்று பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே காட்ட வேண்டும். வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லை, எட்டு மணிநேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடக்கிறது என்றாலும் அப்படியே.

உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் வந்தால், மூச்சு இடையிடையே நின்று நின்று வந்தால், மூக்கில் சொட்டு விட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது அல்ல. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.